வெளியாட்களுக்கு அனுப்பும் பிபிடியில் எண்களை அழித்துவிட்டால் போதுமா?

வால்வு_கணக்கு · மார்ச் 4, இரவு 9:12

கோவைப் பக்கம் பம்ப், வால்வு உதிரிபாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. மாத ரிவ்யூவுக்குப் போடும் டெக்கில் இருந்து ஒரு பகுதியை எடுத்து எம்.டி. ஒரு தொழில் சங்கக் கூட்டத்தில் பேசப் போகிறார். பேசி முடித்ததும் ஃபைலை வந்தவர்கள் எல்லோருக்கும் மெயிலில் அனுப்புவார்களாம். வந்தவர்களில் எங்கள் வாடிக்கையாளர்களும் இருப்பார்கள், போட்டிக் கம்பெனிக்காரர்களும் இருப்பார்கள்.

வாடிக்கையாளர் பெயர்களை அ, ஆ, இ, ஈ என்று மாற்றிவிட்டேன். சார்ட்டில் டேட்டா லேபிளை எடுத்தேன், இடது பக்க அச்சில் இருந்த கோடிக் கணக்கையும் எடுத்தேன். ஆட்கள் பட்டியல் இருக்கும் ஸ்லைடை மறைத்தேன். கடைசியாக Inspect Document ஓட்டி, அது காட்டியதற்கெல்லாம் Remove All கொடுத்தேன். இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்பது என் கருத்து. மேலாளர் பிடிஎஃப் ஆக்கித்தான் தரவேண்டும் என்கிறார், சங்கத்தில் பிபிடியாகவே கேட்கிறார்கள். யார் சொல்வது சரி?

பழைய_தணிக்கை · மார்ச் 4, இரவு 10:05

அனுப்பாதீர்கள். முதலில் இரண்டு சோதனை செய்யுங்கள்.

ஒன்று, சார்ட்டை ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு எலியை ஒரு பட்டையின் மேல் நிறுத்துங்கள். லேபிளை எடுத்திருந்தாலும் அந்தப் பட்டையின் மதிப்பு சின்னப் பெட்டியில் வரும். இரண்டு, வலது கிளிக் செய்து Edit Data கொடுங்கள். என்ன திறக்கிறது என்று வந்து சொல்லுங்கள்.

மறைத்த ஸ்லைடு ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. Hide Slide என்பது காட்டும்போது அதைத் தாண்டிப் போகச் சொல்வது மட்டும்தான். Inspect Document அதைத் தொடாது. ஒரு பொருளின் மேல் இன்னொன்றை வைத்து மூடியிருந்தால் அதையும் கண்டுபிடிக்காது.

டெஸ்க்டாப்_தம்பி · மார்ச் 4, இரவு 10:31

அண்ணா, இவ்வளவு யோசிக்க வேண்டாமே, Mark as Final போட்டு பாஸ்வேர்டும் வைத்துவிட்டால் யாராலும் எடிட் செய்ய முடியாது. எங்கள் ஆபீஸில் அப்படித்தான் எல்லா ஃபைலும் போகிறது.

பழைய_தணிக்கை · மார்ச் 4, இரவு 10:48

தம்பி, பாஸ்வேர்டு வழியில் போகும்போது வேறு ஆள் கையில் சிக்காமல் இருக்க உதவும், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இங்கே யாரிடமிருந்து எண்ணை மறைக்க வேண்டுமோ அவர்களுக்கே ஃபைலும் போகிறது, பாஸ்வேர்டும் போகிறது. Mark as Final என்பது மேலே ஒரு மஞ்சள் பட்டை, Edit Anyway அழுத்தினால் போய்விடும்.

வால்வு_கணக்கு · மார்ச் 5, காலை 8:20

Edit Data கொடுத்துப் பார்த்தேன். நான்கு எண் மட்டும் இருக்கும் என்று நினைத்தேன், எங்கள் எம்.ஐ.எஸ். ஒர்க்புக்கே முழுதாகத் திறக்கிறது. வாடிக்கையாளர் வாரியான மார்ஜின் ஷீட், வார்ப்படம் தருபவர்களின் கிலோ விலை, அதோடு மறைத்து வைத்திருந்த ஒரு ஷீட்டில் ஷாப் ஃப்ளோர் ஆட்களின் பெயர், சம்பளம், வங்கிக் கணக்கு எண். இந்த டெக்கைப் போன வருடம் வேறொருவர் ஆரம்பித்தார், மாதாமாதம் அதன் மேலேயே எழுதி வருகிறோம். எக்செல்லில் இருந்து ஒரு சார்ட்டைத்தானே ஒட்டினார், ஒர்க்புக் எப்படி உள்ளே வந்தது?

பழைய_தணிக்கை · மார்ச் 5, காலை 9:02

எக்செல்லில் சார்ட்டை காப்பி செய்து பவர்பாயிண்டில் ஒட்டும்போது கீழே சில சின்னப் படங்கள் வருமே, அதில் Embed Workbook என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒர்க்புக் மொத்தமும் பிபிடிக்குள் குடிவந்துவிடும். அந்த ஒரு ஷீட் மட்டும் வராது, எல்லா ஷீட்டும் வரும், மறைத்ததும் சேர்த்து. ஒட்டியவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் திரையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஃபைல் கனம் கூடியிருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை.

எதுவும் தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் வருவது Link Data. அதில் ஒர்க்புக் உள்ளே வராது. ஆனால் பட்டைகளை வரைந்த எண்கள் சார்ட்டுக்குள்ளேயே ஒரு நகலாக இருக்கும், அது போக உங்கள் சர்வரில் அந்த எக்செல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழு வழியும் இருக்கும். ஃபோல்டர் பெயரிலேயே வாடிக்கையாளர் பெயர் வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அ, ஆ என்று மாற்றியதெல்லாம் வீணாகிவிடும். Break Link கொடுத்தால் வழி அறுபடும், எண்களின் நகல் அப்படியே இருக்கும்.

நிரல்_சுரேகா · மார்ச் 5, காலை 11:40

பார்க்க எளிய வழி ஒன்று. pptx என்பது ஒரு zip தான். ஒரு காப்பி எடுத்து, பெயரின் கடைசியை zip என்று மாற்றிப் பிரித்தாலே எல்லாம் தெரியும். லினக்ஸ், மேக் என்றால்:

```
mkdir t
unzip -q deck.pptx -d t
ls t/ppt/embeddings t/ppt/media t/ppt/notesSlides
cat t/docProps/core.xml
```

embeddings ஃபோல்டரில் xlsx இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். media ஃபோல்டரில் டெக்கில் உள்ள படங்கள் எல்லாம் இருக்கும். க்ராப் செய்த படமும் க்ராப் செய்யாத முழு அளவில் இருக்கும். ஒரு ஈஆர்பி ஸ்கிரீன்ஷாட்டில் நடுப்பகுதியை மட்டும் காட்டியிருப்பீர்கள், ஓரத்தில் இருந்த பெயர்ப் பட்டியலும் அங்கே கிடக்கும். Compress Pictures போய் Delete cropped areas of pictures டிக் செய்து, Apply only to this picture என்பதில் டிக்கை எடுத்துவிட்டு சேமித்தால் அது போகும். சேமித்த பிறகு மறுபடி பிரித்துப் பாருங்கள், போய்விட்டது என்று நம்பி விடாதீர்கள்.

t ஃபோல்டரில் grep போட்டுப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள்ளே இருக்கும் xlsx தானும் ஒரு zip, grep அதற்குள் போகாது. ஸ்லைடு எழுத்திலும் ஒரே பெயர் இரண்டு மூன்று துண்டாக உடைந்து கிடக்கும், பாதியை போல்டு செய்திருந்தாலே போதும். அதனால் தேடியதில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

பெல்ஃபாஸ்ட்_வாசி · மார்ச் 5, மாலை 4:15

மறைத்த ஷீட் என்றதும் இங்கே நடந்தது நினைவுக்கு வருகிறது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து போலீஸ் ஒரு தகவல் உரிமைக் கேள்விக்குப் பதிலாக எக்செல் ஒன்றை அனுப்பியது. கேட்டது எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. அனுப்பிய ஃபைலில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஷீட், அதில் 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, வேலை செய்யும் இடம். அது பொது இணையத்தளத்தில் சில மணி நேரம் இருந்தது. இந்த ஊரில் போலீஸ் வேலை பார்ப்பதைச் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். மறு வருடம் 7,50,000 பவுண்டு அபராதம். அனுப்புவதற்கு முன் பலர் கைமாறிய ஃபைல்தான் அது, யார் கண்ணிலும் படவில்லை.

டெஸ்க்டாப்_தம்பி · மார்ச் 5, மாலை 6:02

அப்படியென்றால் சார்ட்டை வெட்டி, Paste Special-இல் படமாக ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எண்ணும் இல்லை, ஒர்க்புக்கும் இல்லை.

பழைய_தணிக்கை · மார்ச் 5, மாலை 6:30

தம்பி சொல்வது நல்ல வழி, PNG என்று தேர்ந்தெடுத்தால். Enhanced Metafile என்று ஒன்று அதே பட்டியலில் இருக்கும், அதை எடுக்காதீர்கள். அது படம் போலத் தெரியும், Ungroup கொடுத்தால் பட்டை தனி, எழுத்து தனி என்று பிரிந்து வந்துவிடும்.

படமாக ஒட்டிய பிறகு பழைய சார்ட் போய்விட்டதா என்று Selection Pane திறந்து பாருங்கள், Alt+F10. சிலர் அழிக்காமல் கண் குறியை மட்டும் அணைத்துவிட்டு அதன் மேல் படத்தை வைத்திருப்பார்கள்.

வரைபடம்_பார்ப்பவன் · மார்ச் 5, இரவு 11:20

பிரச்சினை தீரவில்லை. PNG ஆக்கினாலும், பிடிஎஃப் ஆக்கினாலும், காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தாலும் பட்டையின் உயரம் இருக்கிறதே.

வால்வு_கணக்கு, உங்கள் மொத்த விற்பனை அதே டெக்கில் வேறு ஸ்லைடில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும், எம்.டி.க்கள் அதைச் சொல்லாமல் பேச மாட்டார்கள்.

வால்வு_கணக்கு · மார்ச் 6, காலை 7:55

இருக்கிறது. இரண்டாவது ஸ்லைடு. எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று விட்டுவிட்டோம். இங்கே உண்மை எண்ணைப் போட மாட்டேன், 210 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்கள் இந்த நான்கு பேர்தான்.

வரைபடம்_பார்ப்பவன் · மார்ச் 6, காலை 9:10

சரி, 210. உங்கள் சார்ட்டைத் திரையில் ஸ்கேல் வைத்து அளந்தால் இப்படி வரும் என்று கொள்வோம். அ 60 மி.மீ., ஆ 45, இ 30, ஈ 15. கூட்டினால் 150 மி.மீ. அப்போது ஒரு மி.மீ. 1.4 கோடி. அ 84 கோடி, ஆ 63, இ 42, ஈ 21. முடிந்தது. அச்சில் இருந்த எண்ணை எடுத்ததால் எனக்கு ஒரு வகுத்தல் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

டெஸ்க்டாப்_தம்பி · மார்ச் 6, காலை 9:41

அச்சு சைபரில் தொடங்கினால்தானே இந்தக் கணக்கு? நாங்கள் 15 கோடியில் இருந்து தொடங்குகிற மாதிரி வைத்துவிட்டால்?

வரைபடம்_பார்ப்பவன் · மார்ச் 6, காலை 10:26

நல்ல கேள்வி. மொத்தம் மட்டும் தெரிந்தவரை அது தடுக்கும். ஆனால் கூட்டத்தில் ஈ கம்பெனிக்காரரும் உட்கார்ந்திருக்கிறார். தான் உங்களிடம் 21 கோடிக்கு வாங்கியது அவருக்குத் தெரியும், எது தன் பட்டை என்பதையும் ஊகித்துவிடுவார். நீங்கள் சொன்னபடி வைத்தால் பட்டைகள் 69, 48, 27, 6 மி.மீ. என்று வரும் என்று கொள்வோம். அவருக்குத் தெரியாதது இரண்டே இரண்டு: ஒரு மி.மீ. எத்தனை கோடி, அச்சு எங்கே தொடங்குகிறது. கையில் இருப்பதும் இரண்டு: தன்னுடைய 21, மொத்தம் 210. பத்தாம் வகுப்புக் கணக்கு. 15 என்ற தொடக்கமும் மி.மீ.க்கு ஒரு கோடி என்பதும் வந்து விழும், அ என்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்பது ஈ-க்குத் தெரிந்துவிடும். அடுத்த விலைப் பேச்சில் அதை வைத்துத்தான் உட்காருவார்.

வெளியே அனுப்பும் டெக்கில் கவனிக்க வேண்டியது இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். நாம் என்ன கொடுத்தோம் என்பதை மட்டும் பார்க்கிறோம், வாங்குபவர் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

வார்டு_செவிலியர் · மார்ச் 6, மதியம் 2:05

இது நோயாளி விவரம் பற்றிய இழை என்று நினைத்து வந்தேன், விற்பனைக் கணக்கு ஓடுகிறது. இருந்தாலும் கேட்கிறேன். தர மேம்பாட்டுக் கருத்தரங்குக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு டெக் போகிறது. வார்டில் நோயாளி தவறி விழுந்த சம்பவங்கள், மொத்தம் 47. ஆண்கள் வார்டு 19, பெண்கள் வார்டு 14, எலும்பு முறிவு 11, நான்காவது ஒரு சின்ன வார்டு. ஐந்துக்குக் கீழே இருந்தால் எண் போடக்கூடாது என்று கமிட்டி சொன்னதால் அங்கே நட்சத்திரக் குறி போட்டிருக்கிறோம். பெயர் எதுவும் இல்லை. இது சரிதானே?

வரைபடம்_பார்ப்பவன் · மார்ச் 6, மதியம் 2:30

47-இல் இருந்து 19, 14, 11 கழியுங்கள். 3.

வார்டு_செவிலியர் · மார்ச் 6, மதியம் 3:12

ஐயோ, ஆமாம். மொத்தத்தை எடுக்கலாம் என்றால் படிவத்தில் மொத்தம் கட்டாயம்.

பழைய_தணிக்கை · மார்ச் 6, மாலை 5:45

சிஸ்டர், மொத்தம் இருக்க வேண்டும் என்றால் ஒரு கட்டத்தை மட்டும் மறைப்பதில் பயனே இல்லை, குறைந்தது இரண்டை மறைக்க வேண்டும். எலும்பு முறிவு வார்டுக்கும் நட்சத்திரம் போட்டால் இரண்டும் சேர்ந்து 14 என்பது மட்டும் தெரியும். அதிலும் ஐந்துக்குக் கீழே இருந்தால் மறைப்பீர்கள் என்பது தெரிந்தவர்கள் ஒன்று ஐந்துக்குக் கீழே, மற்றது பத்து அல்லது அதற்கு மேல் என்று ஊகிப்பார்கள், அதற்கு இரண்டு வார்டையும் இதர வார்டுகள் 14 என்று ஒரே வரியாகச் சேர்ப்பது சுத்தம். சதவீதப் பத்தி ஒன்று பக்கத்தில் இருந்தால் அதையும் பாருங்கள். 6.4% என்று இருந்தால் 47-இல் அது 3 தான்.

பெயர் இல்லை என்பதை வைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம். ஒரு மருத்துவக் கூட்டத்தில் வேறொரு ஊர் டெக்கை நான் பார்த்தேன். பெயர் கிடையாது, முகத்தை மறைத்திருந்தார்கள். ஆனால் வயது, எந்தத் தாலுகா, எந்த மாதம், என்ன விபத்து என்று வரிசையாக இருந்தது. அந்த விபத்து உள்ளூர்ச் செய்தித்தாளில் பெயரோடு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெயரை எனக்கே சொன்னார். வயதைப் பத்து வருட அடுக்காகவும், தாலுகாவை மாவட்டமாகவும் ஆக்கியிருந்தால், மாதத்தை எடுத்திருந்தால், அந்தப் பாடத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

வார்டு_செவிலியர் · மார்ச் 6, இரவு 8:50

இதர வார்டுகள் என்று சேர்த்துவிட்டேன். 6.4% நிஜமாகவே இருந்தது. எடுத்தாயிற்று.

வால்வு_கணக்கு · மார்ச் 7, காலை 8:05

எனக்கு இன்னும் விடை வரவில்லை. விற்பனை ஸ்லைடில் என்னதான் காட்டலாம்? 100 என்று அடிப்படை வைத்து விகிதமாகக் காட்டலாமா? ஒன்றுமே காட்டாவிட்டால் எம்.டி. பேசுவதற்கு என்ன இருக்கிறது?

வரைபடம்_பார்ப்பவன் · மார்ச் 7, காலை 9:30

100 வைத்தால் அதே விகிதம்தான் வேறு சட்டை போட்டு வருகிறது, ஒருவர் தன் எண்ணை வைத்து எல்லாவற்றையும் திருப்பிவிடுவார். வருட வாரியான வளர்ச்சிக்கு அது உதவும், அதுவும் எந்த வருடத்தின் உண்மை எண்ணும் வெளியே போகாமல் இருந்தால் மட்டும்.

எம்.டி. அந்த ஸ்லைடை வைத்து என்ன சொல்ல வருகிறார் என்று அவரிடமே கேளுங்கள். ஒரு சிலரையே நம்பியிருக்கிறோம், அதைக் குறைக்க வேண்டும் என்பதுதான் பேச்சு என்றால், "முதல் இரண்டு வாடிக்கையாளர்களிடமிருந்து பாதிக்கு மேல்" என்ற ஒரு வாக்கியம் போதும். சார்ட்டே வேண்டாம். சார்ட் கட்டாயம் என்றால், புது எக்செல்லில் 1, 2, 3, 3 என்று வெறும் அடுக்கை மட்டும் தட்டச்சு செய்து அதில் இருந்து வரையுங்கள். 25 கோடிக்குக் கீழ், 25 முதல் 50, 50-க்கு மேல் என்று மூன்று அடுக்கு. உண்மை எண் அந்த ஃபைலைத் தொடவே கூடாது. எண்ணை வைத்துக்கொண்டு ஃபார்மட்டில் மட்டும் XX என்று தெரிகிற மாதிரி செய்வதும், கோடியில் முழுமைப்படுத்திக் காட்டுவதும் வெளித்தோற்றம்தான், உள்ளே பைசா வரை இருக்கும்.

பழைய_தணிக்கை · மார்ச் 7, காலை 10:15

இங்கே நான் ஒத்துப்போகவில்லை. அடுக்கு காட்டினாலும் ஈ-க்கு விஷயம் கசியும். தான் கடைசி அடுக்கு என்று தெரிந்துவிட்டதே, அதுவே பேரம் பேசக் கூடாத இடத்தில் அவரைப் பேச வைக்கும், அல்லது மனம் நோக வைக்கும். வாடிக்கையாளர் வாரியான எதையும் வாடிக்கையாளர் இருக்கும் அறையில் காட்டக் கூடாது என்பது என் நிலை. பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும், வெளியாகாத காலாண்டு எண் ஒன்று இப்படிப் போனால் செபியின் விதிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

வரைபடம்_பார்ப்பவன் · மார்ச் 7, காலை 10:40

அவ்வளவு கண்டிப்பாக இருந்தால் எந்தக் கம்பெனியும் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க முடியாது. ஆனால் நான்கே பேர் என்னும்போது நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இருபது பேர் இருந்தால் நான் விடமாட்டேன்.

நிரல்_சுரேகா · மார்ச் 7, மதியம் 1:20

எண் பக்கம் நீங்கள் தீர்த்துக்கொள்ளுங்கள். ஃபைல் பக்கம் நான் சொல்வது ஒன்றுதான்: மாத ரிவ்யூ டெக்கைச் சுத்தம் செய்து அனுப்பாதீர்கள், வெற்று ஃபைல் ஒன்றைத் திறந்து தேவையானதை மட்டும் கொண்டுவாருங்கள். ஸ்லைடை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் சார்ட்டும் ஒர்க்புக்கும் நோட்ஸும் கூடவே வரும், அதனால் எழுத்தை எழுத்தாக மட்டும், சார்ட்டை PNG ஆக மட்டும். பழைய ஸ்லைடு மாஸ்டரும் வேண்டாம், யாருக்கோ பேசும்போது செய்த லேஅவுட்டில் அந்த வாடிக்கையாளரின் லோகோ இன்னும் உட்கார்ந்திருக்கும்.

பிடிஎஃப் பற்றியும் ஒரு வார்த்தை. சேமிக்கும் பெட்டியில் Options திறந்து Include hidden slides, Document properties இரண்டிலும் டிக் இல்லை என்று உறுதி செய்யுங்கள். படத்துக்குக் கொடுத்த மாற்று உரையும் பிடிஎஃபுக்குள் போகும், அதில் பழைய ஃபைல் பெயரோ ஆள் பெயரோ இருக்கலாம். எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி வைத்திருந்தால் அடியில் உள்ளதைக் காப்பி செய்து எடுத்துவிடலாம். கடைசிச் சோதனை:

```
pdftotext deck.pdf - | less
```

வருவதை முழுக்கப் படியுங்கள். தமிழ்ப் பெயர்களை இதில் தேடு என்று சொல்லாதீர்கள், பிடிஎஃபில் இருந்து வெளியே வரும்போது கொம்பும் காலும் இடம் மாறி வரும், தேடலில் சிக்காது.

பெல்ஃபாஸ்ட்_வாசி · மார்ச் 7, மாலை 5:00

காகிதத்தில் மார்க்கர் பூசி ஸ்கேன் செய்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. 2023 ஜூனில் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் வழக்கில் சோனி கொடுத்த ஆவணம் அப்படித்தான் வந்தது. மையின் அடியில் எண் தெரிந்தது. ஒரு வீடியோ கேம் செய்ய 220 மில்லியன் டாலர் செலவு என்பது அன்றைக்கே உலகம் முழுக்கப் போய்விட்டது.

வால்வு_கணக்கு · மார்ச் 8, இரவு 9:30

புது ஃபைலில் மறுபடி செய்தேன். பிரித்துப் பார்த்தபோது embeddings ஃபோல்டரே இல்லை, media-வில் நான் வைத்த படங்கள் மட்டும். ஆட்கள் பட்டியல் போயிற்று. வாடிக்கையாளர் சார்ட்டை எடுத்துவிட்டு "பாதிக்கு மேல்" வாக்கியத்தை வைத்தேன். எம்.டி. அடுக்கு சார்ட்டாவது வேண்டும் என்று கேட்கிறார், நாளை பேச வேண்டும். மாத டெக்கில் ஒர்க்புக்கை உள்ளே வைத்து ஒட்டும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அது சங்கத்துக்குப் போகாவிட்டாலும் பக்கத்து டிபார்ட்மெண்டுக்குப் போகிறது, ஷாப் ஃப்ளோர் ஆட்களின் சம்பளமும் வங்கிக் கணக்கும் அவர்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. போன வருடத்தில் இருந்து அந்த டெக் யார் யாருக்குப் போனது என்று மெயிலில் தேடிக்கொண்டிருக்கிறேன்.